ஒரே தூது, எதிரெதிர் வேலை

மருந்தியல் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. ‘செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் இதயம் வலுவாகச் சுருங்குகிறது; மூச்சுக்குழாய்த் தசையோ தளர்கிறது. காரணம் கூறுக.’ எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கும் பி.ஃபார்ம் மாணவர்களுக்கும் இதற்கான பாடம் தெரியாமல் இல்லை. எந்த ஏற்பி எந்த ஜி புரதத்தோடு சேரும் என்ற அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆல்ஃபா-1 என்றால் க்யூ, ஆல்ஃபா-2 என்றால் ஐ, பீட்டா இரண்டும் எஸ். மஸ்கரினிக் ஏற்பிகளில் முதலாவது க்யூ, இரண்டாவது ஐ, மூன்றாவது க்யூ. இந்த எழுத்துகளைக் கோத்து ‘கிஸ் அண்ட் கிக்’ என்று ஒரு நினைவுச் சூத்திரமே புழக்கத்தில் இருக்கிறது.

ஆனால் மேலே உள்ள கேள்விக்கு அந்த அட்டவணையில் விடை இல்லை. இதயத்தின் பீட்டா-1, மூச்சுக்குழாயின் பீட்டா-2 இரண்டுக்கும் எதிரே ஒரே எழுத்துதான் இருக்கிறது, உள்ளே உருவாகும் பொருளும் ஒன்றுதான். அப்படியிருக்க ஓரிடத்தில் சுருக்கமும் இன்னோரிடத்தில் தளர்ச்சியும் ஏன்?

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர்களுக்கு இந்தப் புதிர் பழக்கமானதே. இரண்டு பஃப் சால்ப்யூட்டமால் இழுத்த சில நிமிடங்களில் நெஞ்சின் இறுக்கம் விடுகிறது. கூடவே இதயம் படபடவென்று அடிக்கிறது. மூச்சுக்குழாயை ஓய்வெடுக்கச் சொன்ன அதே மருந்துதான் இதயத்தை விரட்டுகிறது. இதை விளக்க வேண்டுமானால், மருந்து செல்லின் வாசலைத் தொட்ட நொடியிலிருந்து உள்ளே என்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பின்தொடர வேண்டும்.

கல்லீரல் கூழில் கிடைத்த விடை

அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்லின் உறை கொழுப்பால் ஆனது. அட்ரினலின் நீரில் கரையும் பொருள். அது உறையின் வெளிப்புறத்தில் இருக்கும் ஏற்பியோடு ஒட்டிக்கொள்வதோடு சரி. ஆனாலும் கல்லீரல் செல்லின் உள்ளே கிளைக்கோஜன் உடைந்து சர்க்கரை வெளிவருகிறது. வெளியே நிற்கும் பொருள் உள்ளே இருக்கும் நொதியை எப்படி முடுக்கிவிடுகிறது என்பதுதான் 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லாந்தும் தியோடர் ராலும் எடுத்துக்கொண்ட கேள்வி.

அவர்கள் கல்லீரலை அரைத்துக் கூழாக்கினார்கள். செல்கள் உடைந்துபோன அந்தக் கூழில் அட்ரினலினைச் சேர்த்தபோதும் கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதி விழித்துக்கொண்டது. அடுத்து, கூழைச் சுழற்றி அடிமண்டியையும் மேலே தெளிந்த நீரையும் பிரித்தார்கள். நொதி தெளிநீரில் இருந்தது. ஆனால் அந்தத் தெளிநீரில் அட்ரினலினை எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் நடக்கவில்லை. செல் உறையின் துணுக்குகள் அடிமண்டியோடு போய்விட்டிருந்தன.

தீர்மானமான படி அடுத்துதான் வந்தது. அடிமண்டியை மட்டும் எடுத்து, அதோடு ஏடிபியையும் அட்ரினலினையும் சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தக் கலவையைச் சூடாக்கினார்கள். கொதிக்கும் சூட்டில் புரதங்கள் கெட்டுவிடும். மிஞ்சிய திரவத்தை எடுத்துத் தெளிநீரில் விட்டால், நொதி விழித்துக்கொண்டது. சூட்டுக்குக் கெடாத ஏதோ ஒரு சிறு மூலக்கூறு உறையில் உருவாகி, அட்ரினலினின் வேலையை உள்ளே செய்துமுடிக்கிறது என்பது தெளிவாயிற்று. அதுதான் சைக்ளிக் ஏஎம்பி. அட்ரினலின் முதல் தூது என்றால் இது இரண்டாம் தூது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1971இல் சதர்லாந்துக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1957இல் வெளியான அந்த ஆய்வில் மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விவரம் இருக்கிறது. அட்ரினலினுக்குப் பதிலாகக் கணையத்தில் சுரக்கும் குளுக்கஹானைச் சேர்த்தபோதும் அதே சூடு தாங்கும் பொருள்தான் உருவானது. இரண்டு ஹார்மோன்களும் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அவற்றின் ஏற்பிகளும் வேறு வேறு. உள்ளே போகும் தூது மட்டும் ஒன்று. பின்னால் ஒரு நோயாளியின் உயிர் இந்த விவரத்தில் தொங்கப்போகிறது.

ஜி புரதத்தின் கடிகாரம்

வெளியே இருக்கும் ஏற்பிக்கும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பியைத் தயாரிக்கும் அடினைலைல் சைக்ளேஸ் நொதிக்கும் நடுவே ஓர் ஆள் இருக்கிறார். அவர்தான் ஜி புரதம். ஏற்பி என்பது செல் உறையை ஏழு முறை ஊடுருவி வளைந்து நிற்கும் ஒரே நீண்ட புரதச் சங்கிலி. மனித உடலில் இப்படிப்பட்ட ஏற்பிகள் ஏறக்குறைய 800 வகை இருக்கின்றன; அவற்றில் பாதி வாசனை அறிவதற்கானவை. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தைத்தான் குறிவைக்கிறது.

ஜி புரதத்துக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று துண்டுகள். வேலையில்லாத நேரத்தில் ஆல்ஃபா துண்டு, குவானோசின் டைபாஸ்பேட் என்ற மூலக்கூறைக் கவ்விக்கொண்டு மற்ற இரண்டோடு ஒட்டிக் கிடக்கும். அட்ரினலின் வந்து ஏற்பியில் பொருந்தியதும் ஏற்பியின் உட்புறம் சற்று விரிகிறது. ஜி புரதம் அதில் பொருந்துகிறது. ஆல்ஃபாவின் பிடி தளர்ந்து டைபாஸ்பேட் நழுவுகிறது. செல்லுக்குள் குவானோசின் டிரைபாஸ்பேட்தான் அதிகம் இருப்பதால் காலியான இடத்தில் அதுவே வந்து உட்காருகிறது. உடனே ஆல்ஃபா துண்டு பிரிந்து போய் அடினைலைல் சைக்ளேஸைத் தூண்டுகிறது. சைக்ளேஸ் ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றத் தொடங்குகிறது.

இதை நிறுத்துவது யார்? ஆல்ஃபா துண்டேதான். தான் கவ்விய டிரைபாஸ்பேட்டிலிருந்து ஒரு பாஸ்பேட்டைத் தானே வெட்டி டைபாஸ்பேட்டாக்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. தொடங்கும்போதே முடியும் நேரமும் குறிக்கப்பட்ட கடிகாரம் இது. உருவான சைக்ளிக் ஏஎம்பியையும் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி உடைத்துக்கொண்டே இருக்கும்.

கடிகாரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குக் காலரா சாட்சி. காலராக் கிருமியின் நச்சு, குடல் செல்லில் உள்ள எஸ் வகை ஜி புரதத்தின் ஆல்ஃபா துண்டில் ஒரு வேதிக்கூறை ஒட்டவைக்கிறது. அதன் பிறகு அந்தத் துண்டால் பாஸ்பேட்டை வெட்ட முடியாது. சைக்ளேஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. சைக்ளிக் ஏஎம்பி குவிகிறது. குடல் செல்லிலிருந்து குளோரைடு வெளியேற, அதன் பின்னால் சோடியமும் தண்ணீரும் போகின்றன. நோயாளி ஒரே நாளில் லிட்டர் கணக்கில் நீரை இழப்பது இதனால்தான். எந்த ஹார்மோனும் வராமலேயே உள்ளே தூது பெருகுகிறது.

மாணவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக எழுதும் ஒரு வரி சரியில்லை. ‘ஒவ்வொரு படியிலும் சமிக்ஞை பல மடங்கு பெருகுகிறது’ என்பார்கள். ஓர் ஏற்பி பல ஜி புரதங்களைத் தூண்டலாம். அங்கே பெருக்கம் உண்டு. ஆனால் ஓர் ஆல்ஃபா துண்டு ஒரு சைக்ளேஸைத்தான் தூண்டும். அங்கே பெருக்கம் இல்லை. ஒரு சைக்ளேஸ் ஏராளமான சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும், அங்கே உண்டு. அடுத்துவரும் புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி முழுமையாக விடுபட நான்கு சைக்ளிக் ஏஎம்பி ஒட்ட வேண்டும். அங்கே எண்ணிக்கை குறையவே செய்கிறது. விடுபட்ட கைனேஸ் மறுபடி எண்ணற்ற புரதங்களைத் தொடும். எங்கெல்லாம் ஒரு நொதி வேலை செய்கிறதோ, அங்கே மட்டும்தான் பெருக்கம்.

இதயத்தில் ஒன்று, மூச்சுக்குழாயில் வேறொன்று

இதுவரை சொன்னது இதயத்துக்கும் மூச்சுக்குழாய்க்கும் பொது. கைனேஸ் ஏ செய்யும் வேலையும் பொதுதான்: ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும். அந்த இன்னொரு புரதம் எது என்பதில்தான் பாதை பிரிகிறது.

இதயத்தசையில் சுருக்கத்துக்கு ஆணையிடுவது கால்சியம். துடிப்புக்கு ஒருமுறை செல்லின் உறையில் உள்ள வாயில்கள் திறந்து கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. அது உள்ளே உள்ள கிடங்கிலிருந்து இன்னும் நிறையக் கால்சியத்தை வெளிக்கொணர்கிறது. அது ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்ட, தசை சுருங்குகிறது. கைனேஸ் ஏ இங்கே இரண்டு காரியம் செய்கிறது. உறையின் கால்சியம் வாயில்களை அதிகம் திறக்கச் செய்கிறது. அத்தோடு, கிடங்குக்குள் கால்சியத்தை இறைத்துச் சேர்க்கும் பம்பைக் கட்டிப்போட்டிருக்கும் பாஸ்போலாம்பன் என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. பம்பு வேகமாக இறைப்பதால் தசை சீக்கிரம் தளர்கிறது. கிடங்கும் நிறைந்து அடுத்த துடிப்புக்குக் கூடுதல் கால்சியம் கிடைக்கிறது. அட்ரினலின் பாய்ந்த இதயம் வலுவாகச் சுருங்குவதோடு விரைவாகத் தளரவும் செய்வது இதனால்தான். இந்த இரண்டாவது பாதியை எழுதுபவர்கள் குறைவு. நிமிடத்துக்கு நூற்று முப்பது முறை துடிக்கும் இதயம் நடுவில் விரைந்து தளராவிட்டால் இரத்தம் நிரம்ப நேரமே இருக்காது.

மூச்சுக்குழாயைச் சுற்றியிருப்பது மென்தசை. அதிலும் சுருக்கத்தைத் தொடங்குவது கால்சியம்தான்; ஆனால் வழி வேறு. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியைத் தட்டியெழுப்பும். அந்த நொதி மயோசினில் பாஸ்பேட்டை ஒட்டினால்தான் மென்தசை சுருங்கும். கைனேஸ் ஏ வந்து இந்த நொதியின் மேலேயே ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அதன் பிறகு கால்மோடுலினோடு சேரும் ஆர்வம் அதற்குக் குறைந்துபோகிறது. கூடவே பொட்டாசியம் வாயில்கள் திறப்பதும், செல்லுக்குள் கால்சியம் குறைவதும் தளர்ச்சிக்குத் துணை செய்கின்றன.

ஐந்து மதிப்பெண் கேள்விக்கான விடை இப்போது மூன்று வாக்கியத்தில் அடங்கும். இதயத்தசையில் கைனேஸ் ஏ கால்சியத்தைக் கூட்டுகிறது. அங்கே சுருக்கத்துக்கு மயோசின் லைட் செயின் கைனேஸை நம்பியிருக்க வேண்டியதில்லை. மென்தசை அந்த நொதியைத்தான் நம்பியிருக்கிறது, கைனேஸ் ஏ அதையே முடக்குகிறது.

சால்ப்யூட்டமால் எடுத்தபின் வரும் படபடப்புக்கும் விளக்கம் இதிலேயே கிடைக்கிறது. இதயத்தின் இயல்பான தாளத்தை அமைக்கும் செல்களில் சைக்ளிக் ஏஎம்பி, கைனேஸின் உதவி இல்லாமல், ஒரு வகை வாயிலில் நேரடியாகவே ஒட்டி அதைத் திறந்து துடிப்பை முடுக்குகிறது. இதயத்திலும் பீட்டா-2 ஏற்பிகள் கொஞ்சம் உண்டு. டோஸ் கூடினால் மருந்து பீட்டா-1 மேலும் படியும்.

கால்சியத்தின் வழி

மூச்சுக்குழாயை இறுக்குவது க்யூ வகை ஜி புரதம். வேகஸ் நரம்பு விடும் அசிட்டைல்கோலின் மூன்றாம் மஸ்கரினிக் ஏற்பியில் ஒட்டும்போதும், ஒவ்வாமையில் வெளிவரும் ஹிஸ்டமின் ஹெச்-1 ஏற்பியில் ஒட்டும்போதும் தூண்டப்படுவது இதுதான். இது சைக்ளேஸின் பக்கமே போவதில்லை. பாஸ்போலிபேஸ் சி என்ற நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி செல் உறையிலேயே இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு ஐபி-3. நீரில் கரையும் என்பதால் உள்ளே நீந்திப்போய்க் கால்சியக் கிடங்கைத் திறக்கிறது. இன்னொரு துண்டு டைஅசைல்கிளிசரால். கொழுப்பு என்பதால் உறையிலேயே தங்கி, புரோட்டீன் கைனேஸ் சி என்ற வேறொரு நொதியை அழைக்கிறது. ஒரே வெட்டில் இரண்டு தூதுகள்.

கால்சியம் ஏன் இவ்வளவு நல்ல தூது? ஓய்விலிருக்கும் செல்லுக்குள் கால்சியத்தின் செறிவு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். கிடங்கு கொஞ்சம் திறந்தாலே உள்ளே அளவு சட்டென்று பல மடங்கு ஏறிவிடும்.

‘க்யூ என்றால் சுருக்கம்’ என்று மனப்பாடம் செய்தவர்களை இடறிவிடும் கேள்வி இந்த இடத்தில்தான் வருகிறது. அசிட்டைல்கோலினை நரம்பில் ஏற்றினால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்குகிறது. ஏற்பி அதே மூன்றாம் மஸ்கரினிக்; ஜி புரதம் அதே க்யூ. பின் எப்படி விரிகிறது? ராபர்ட் ஃபர்ச்காட் நியூயார்க்கின் புரூக்ளினில் முயலின் மகாதமனியை வைத்து இதற்கு விடை கண்டார். குழாயின் உட்பக்கத்தைத் தேய்த்துவிட்டால் அசிட்டைல்கோலின் அதை விரிக்கவில்லை. அளவு கூடினால் சுருக்கவே செய்தது. உட்பக்கம் கெடாமல் எடுத்த வளையமோ நன்றாக விரிந்தது. 1980இல் அவர் வெளியிட்ட முடிவு இது: அசிட்டைல்கோலின் தொடுவது குழாயின் உள் வரிசையில் இருக்கும் எண்டோதீலியச் செல்களை. அவற்றில் க்யூ வழியாகக் கால்சியம் ஏறுகிறது. அந்தச் செல்களுக்குச் சுருங்கும் தசை கிடையாது. கால்சியம் ஏறியதும் அவை ஒரு வாயுவைத் தயாரிக்கின்றன. அது நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் தெரியவந்தது. வாயு பக்கத்திலுள்ள மென்தசைக்குள் பரவி அங்கே சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேறொரு தூதை உண்டாக்கித் தளர்த்துகிறது. 1998இல் ஃபர்ச்காட் உள்ளிட்ட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனவே தேர்வுத்தாளில் ஏற்பியின் பெயரைப் பார்த்ததும் விடையை எழுதத் தொடங்கக்கூடாது. எந்தச் செல்லில் அது இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வி, படிப்படியாக

இப்போது ஒரு முழு நோயாளியை எடுத்துக்கொள்வோம். தேர்வில் வரும் பாணியிலேயே கேள்வியை அமைத்துப் பார்க்கலாம்.

48 வயது ஆண். ஒற்றைத் தலைவலி வராமலிருக்க மாதக்கணக்கில் ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறார். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சில் விசில் சத்தம், இரத்த அழுத்தம் 70/40, நாடி 58. தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போடுகிறார்கள். படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, ஆக்சிஜனும் வேகமாக சலைனும் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாம் ஊசி. அழுத்தம் 76/44, நாடி 60. அடுத்து எந்த மருந்து, ஏன்?

முதல் துப்பு நாடி. அனஃபிலாக்ஸிஸ் எனப்படும் இந்தக் கடும் ஒவ்வாமையில் இரத்த அழுத்தம் சரிந்தால் நாடி வழக்கமாக நூறைத் தாண்டி ஓடும். இங்கே அது அறுபதிலேயே நிற்கிறது. இதயத்தின் பீட்டா ஏற்பிகள் அடைபட்டிருக்கின்றன என்பதற்கு இதுவே அடையாளம்.

அட்ரினலின் இவருக்கு முற்றிலும் வீணாகவில்லை. இரத்தக் குழாய்களில் உள்ள ஆல்ஃபா-1 ஏற்பிகளை ப்ரோப்ரனலால் தொடுவதில்லை. அங்கே க்யூ, ஐபி-3, கால்சியம் என்ற வழி திறந்தே இருக்கிறது. குழாய்கள் ஓரளவு இறுகுகின்றன. அதனால்தான் இப்போதும் முதலில் போட வேண்டிய ஊசி அட்ரினலின்தான். ஆனால் இதயத்திலும் மூச்சுக்குழாயிலும் பீட்டா ஏற்பியின் இருக்கையை வேறொருவர் பிடித்துக்கொண்டிருப்பதால், அங்கே எஸ் புரதம் தூண்டப்படவில்லை. சைக்ளிக் ஏஎம்பி ஏறவில்லை. சால்ப்யூட்டமாலை நெபுலைஸரில் கொடுத்தாலும் அது தேடிப்போவது அதே பிடிபட்ட இருக்கையைத்தான். இப்ராட்ரோபியம் கொடுக்கலாமே என்றால், அது அசிட்டைல்கோலினின் வழியை மட்டும் அடைக்கும். இவரது மூச்சுக்குழாயை இறுக்குவதில் ஹிஸ்டமினும் லூக்கோட்ரையீன்களும் முன்னணியில் இருக்கின்றன. அவை தத்தம் ஏற்பிகள் வழியாகக் கால்சியத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

விடை குளுக்கஹான். பெரியவர்களுக்கு 1 முதல் 5 மில்லிகிராம் வரை, ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக நரம்பில் ஏற்றுவார்கள். பிறகு தேவைக்கேற்ப நிமிடத்துக்கு 5 முதல் 15 மைக்ரோகிராம் என்று தொடர்ந்து செலுத்துவார்கள். இதயத்தசையில் குளுக்கஹானுக்கென்று தனி ஏற்பி இருக்கிறது. ப்ரோப்ரனலால் அதைத் தொடுவதில்லை. ஆனால் அந்த ஏற்பியும் எஸ் புரதத்தோடுதான் சேர்கிறது. இரண்டு ஊர்ச் சாலைகள் ஒரே பாலத்தில் வந்து சேர்வது போல. ஒரு சாலையில் மரம் விழுந்து கிடந்தாலும் இன்னொரு சாலையில் வந்த வண்டி பாலத்தைக் கடந்துவிடும். பாலத்துக்கு அப்பால் சைக்ளேஸ், சைக்ளிக் ஏஎம்பி, கைனேஸ் ஏ, கால்சியம் எல்லாம் பழையபடியே. நாடி ஏறுகிறது, இதயம் அழுத்தி வீசுகிறது, இரத்த அழுத்தம் நிமிர்கிறது. கல்லீரல் கூழில் சதர்லாந்து குழு கண்ட அதே பொதுத் தூது இங்கே படுக்கையருகே வேலை செய்கிறது.

இதோடு விடையை முடித்தால் முழு மதிப்பெண் கிடைக்காது. குளுக்கஹான் கடுமையாகக் குமட்டி வாந்தி எடுக்க வைக்கும். மயங்கிய நிலையில் இருக்கும் நோயாளி அதை நுரையீரலுக்குள் இழுத்துவிடாமல் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும், மூச்சு வழியைக் கவனிக்க வேண்டும். வேகமாக ஏற்றினால் வாந்தி இன்னும் அதிகம். கல்லீரலிலும் அதே தூது ஏறுவதால் இரத்தச் சர்க்கரையும் கூடும். இந்தச் சிகிச்சைக்கான சான்றுகள் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் பதிவுகளே என்பதையும் நேர்மையாக எழுதலாம்.

வைவாவில் இதற்கு ஒரு தொடர்ச்சிக் கேள்வி வரும். ‘ஏற்பியையே தாண்டிப் போக வேண்டுமென்றால் மில்ரினோன் கொடுக்கலாமே? அது சைக்ளிக் ஏஎம்பியை உடைக்கும் பாஸ்போடைஎஸ்டரேஸைத் தடுக்கிறதே?’ இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்த மருந்து இரத்தக் குழாய்களின் மென்தசையிலும் சைக்ளிக் ஏஎம்பியைக் குவிக்கும், மென்தசை தளரும், ஏற்கெனவே சரிந்து கிடக்கும் அழுத்தம் இன்னும் சரியும். முதல் கேள்வியின் விடை தெரிந்தவருக்கு இந்தக் கேள்வியின் விடையும் கையில் இருக்கிறது.

ஏற்பி சோர்ந்துபோகும்போது

இந்தப் பாதையில் பாடப்புத்தக அட்டவணை காட்டாத இன்னொரு திருப்பம் உண்டு. தூண்டுதல் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் ஏற்பி தன்னைத்தானே விலக்கிக்கொள்கிறது. தூண்டப்பட்ட ஏற்பியின் உள்வாலில் ஏற்பிக்கென்றே உள்ள ஒரு கைனேஸ் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. அந்த இடத்தில் அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்கார்ந்துகொள்ள, ஜி புரதத்துக்கு இடம் இல்லாமல் போகிறது. தொடர்ந்தால் ஏற்பியே செல்லுக்குள் இழுக்கப்பட்டு மறைகிறது. பிறகு ஓய்வு கிடைத்தால் திரும்பி வரும், நெடுநாள் நீடித்தால் எண்ணிக்கையே குறையும். இதைப் பல ஆண்டுகள் துருவி ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸும், பீட்டா-2 ஏற்பி எஸ் புரதத்தோடு பிணைந்திருக்கும் வடிவத்தை 2011இல் படிகமாக்கிக் காட்டிய பிரையன் கோபில்காவும் 2012இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இதனால் நீல நிற இன்ஹேலரை மட்டும் நம்பி நாளைக்குப் பலமுறை இழுப்பவருக்கு இரண்டு நஷ்டம். பீட்டா-2 ஏற்பிகள் மெல்ல மெல்ல மந்தமாகின்றன. அதைவிடப் பெரிய நஷ்டம், மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள அழற்சியைச் சால்ப்யூட்டமால் தொடுவதே இல்லை என்பது. அது தசையைத் தளர்த்துவதால் நோய் தணிந்ததாகத் தோன்றும். உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டிருக்கும். அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் செல்லின் கருவில் வேலை செய்யும் வேறு வகை மருந்து. பீட்டா-2 ஏற்பிகளைப் புதிதாக உருவாக்கும் மரபணுவையும் அது தூண்டுகிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலான ஜினா, வயது வந்தவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்ப்யூட்டமால் போன்ற குறுகிய நேர மருந்தைத் தனியாகக் கொடுப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை.

முன்பெல்லாம் ஒரு மாதம் வந்த இன்ஹேலர் இப்போது பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், மருந்து போலி என்றோ உடம்புக்குப் பழகிவிட்டது என்றோ மட்டும் எண்ணி விட்டுவிடக்கூடாது. பெரும்பாலும் நோய் கட்டுப்பாட்டை மீறிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. இன்னொரு நீல இன்ஹேலர் வாங்குவதற்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவரிடம் போகும்போது, இரத்த அழுத்தத்துக்கோ தலைவலிக்கோ நடுக்கத்துக்கோ ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறீர்களா என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்துமாக்காரருக்கு அந்த மாத்திரை ஆகாது.